பிறந்த குழந்தை ஏன் ஃபேனையே பார்க்கிறது? பச்சிளம் கண்ணுக்குத் தெரியும் நிறங்களும், பொம்மை, ப்ளே மேட் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவையும்

பிறந்து 40 நாள் ஆன குழந்தை. அம்மா வீட்டில் மகள் ஓய்வில் இருக்கிறார். வார விடுமுறைக்கு வந்த மாப்பிள்ளை, ஆன்லைனில் ஆர்டர் செய்த ப்ளே மேட்டைப் பிரித்து ஹாலில் விரிக்கிறார். சந்தன நிறத் துணி, அதன் மேல் வெளிர் பச்சையில் குட்டிக் குட்டி யானைகள். பார்க்க அவ்வளவு அழகு. அதில் கிடத்தியதும் குழந்தை என்ன செய்கிறது? விரிப்பைச் சீண்டவே இல்லை. மேலே சுழலும் ஃபேனைக் கண் கொட்டாமல் பார்க்கிறது.

"ஏன்டி, புள்ள எப்பப் பாரு ஃபேனையே பாக்குது. மாப்பிள்ளை இவ்ளோ செலவு பண்ணி வாங்கிட்டு வந்தத ஒரு தடவ கூட பாக்கல" என்கிறார் பாட்டி.

"அதுக்கு இப்போ கறுப்பு வெள்ளை மட்டும்தான் தெரியுமாம்மா. நெட்ல போட்டிருக்கு" என்கிறார் மகள்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் கைக்குழந்தை இருக்கும் பல வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது. பாட்டி கவனித்தது சரி. மகள் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொண்டால், எந்தப் பொம்மைக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது எளிதாக விளங்கிவிடும்.

ஃபேனில் அப்படி என்ன இருக்கிறது?

வெள்ளை சீலிங், அதன் நடுவில் பழுப்பு நிற ஃபேன் இறக்கைகள். குழந்தையின் கண்ணுக்குத் தேவையான மூன்று விஷயங்களும் இதில் சேர்ந்திருக்கின்றன. உருவம் பெரியது. அதற்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வித்தியாசம் அதிகம். கூடவே அது அசைகிறது.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் வரைதான் பார்வை தெரியும் என்று பலரும் சொல்வதுண்டு. பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. அந்தத் தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும் என்பது உண்மை. அதற்கு அப்பால் ஒரே இருட்டு என்று எடுத்துக்கொண்டால்தான் தவறு. குழந்தையின் கண்ணுக்குத் தடையாக இருப்பது தூரம் அல்ல, நுணுக்கம். சின்னக் கோடுகளையும் சின்னப் புள்ளிகளையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. தள்ளி இருந்தாலும் போதுமான அளவு பெரிதாக இருந்தால் தெரியும்.

ஒரு எளிய கணக்கு. ஒரு மாதக் குழந்தைக்கு 30 சென்டிமீட்டர் தூரத்தில் கறுப்பு, வெள்ளைக் கோடுகளைக் காட்டினால், ஒவ்வொரு கோடும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். அதைவிட மெல்லியதாக இருந்தால் எல்லாம் கலந்து சாம்பல் நிறப் பரப்பாகத்தான் தெரியும். 2 மீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளுக்கு இதே கணக்கைப் போட்டால் 2 சென்டிமீட்டர் அகலம் தேவை. ஃபேன் இறக்கையின் அகலம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அதனால்தான் ஃபேன் தெரிகிறது. ஜன்னல் கம்பி, கதவு நிலையின் ஓரம், அம்மாவின் சேலையில் அகலமான பார்டர், அப்பாவின் கறுத்த மீசை எல்லாம் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

எனவே குழந்தை ஃபேனைப் பார்ப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. அருகில் வந்து பேசினால் முகத்தையும் பார்க்கிறதா என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

கறுப்பு வெள்ளை மட்டும்தான் தெரியுமா?

பேசத் தெரியாத குழந்தையிடம் "உனக்கு என்ன தெரிகிறது" என்று எப்படிக் கேட்பது? அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ் இதற்கு எளிமையான வழியைக் கையாண்டார். குழந்தை எதை அதிக நேரம் பார்க்கிறது என்று கணக்கெடுத்தார். 1963இல் வெளியான அவருடைய ஆய்வில், பிறந்து 10 மணி நேரம் முதல் 5 நாள் வரை ஆன குழந்தைகளுக்கு ஆறு வட்டத் தட்டுகள் காட்டப்பட்டன. மூன்றில் கறுப்பு வெள்ளை வடிவங்கள்: ஒரு முகம், ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், செய்தித்தாள் துண்டு. மற்ற மூன்றில் வடிவம் எதுவும் இல்லை. வெறும் சிவப்பு, மஞ்சள், வெள்ளை.

குழந்தைகள் வடிவங்கள் இருந்த தட்டுகளைத்தான் அதிக நேரம் பார்த்தன. வெறும் வண்ணத்தைவிட வடிவமும் விளிம்புமே பிறந்த குழந்தையை ஈர்க்கிறது என்பது இதில் தெரிந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் கறுப்பு வெள்ளை அட்டைகளுக்குப் பின்னால் இருப்பது இந்த வகை ஆய்வுகள்தான்.

ஆனால் ஒன்றை விரும்பிப் பார்ப்பது வேறு, மற்றது தெரியாமல் இருப்பது வேறு. வண்ணம் உண்மையிலேயே தெரிகிறதா என்று சோதிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளைத் திரையில் சிவப்புக் கோடு வைத்தால் குழந்தை அதைப் பார்க்கும். நிறத்தைப் பார்த்ததா, அந்த இடம் கொஞ்சம் இருட்டாக இருப்பதைப் பார்த்ததா? கறுப்பு வெள்ளை டிவியில்கூட சிவப்பு, அடர்ந்த சாம்பலாகத் தெரியுமே!

1975இல் டேவிடா டெல்லரும் அவருடன் பணியாற்றிய டேவிட் பீப்பிள்ஸும் இந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். இரண்டு மாதக் குழந்தைகளுக்கு வெள்ளைத் திரையில் சிவப்புக் கோட்டைக் காட்டினார்கள். கோட்டின் வெளிச்சத்தைச் சிறு சிறு படிகளாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். நிறமே தெரியாத கண்ணாக இருந்தால், ஏதாவது ஒரு படியில் கோடும் திரையும் ஒரே வெளிச்சத்துக்கு வந்து, கோடு மறைந்துபோக வேண்டும். ஆனால் எந்தப் படியிலும் அது மறையவில்லை. குழந்தைகள் ஒவ்வொரு முறையும் கோடு இருந்த பக்கத்தைப் பார்த்தன. இரண்டு மாதத்தில் சிவப்பு, சிவப்பாகவே தெரிகிறது என்பதற்கு இது உறுதியான சான்று.

பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகளிடமும் இது போன்ற சோதனைகள் பிறகு நடந்தன. சிவப்புப் பகுதி போதுமான அளவு பெரிதாகவும் நிறம் அழுத்தமாகவும் இருந்தால், பெரும்பாலான குழந்தைகள் அதைச் சாம்பலிலிருந்து பிரித்துப் பார்த்தன. நீலம், பச்சை, மஞ்சளை அப்படிப் பிரிக்க முடியவில்லை.

ஆக, "கறுப்பு வெள்ளை மட்டும்தான் தெரியும்" என்பது சரியல்ல. கறுப்பு வெள்ளை நன்றாகத் தெரியும். பெரிய, அடர்ந்த சிவப்பு தெரியும். மற்ற நிறங்கள் அந்த நேரத்தில் சாம்பலோடு கலந்துபோகும். இதுதான் முதல் மாதத்தின் நிலை.

கண்ணில் என்ன குறைகிறது?

நிறத்தை உணர்வதற்கு நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கும் இந்த மூன்றும் உண்டு. ஆனால் பார்வை மிகக் கூர்மையாக இருக்க வேண்டிய மையப் பகுதியில் அவை இன்னும் குட்டையாகவும் தடித்தும் இருக்கின்றன. நெருக்கமாக அடுக்கப்படவும் இல்லை. பெரியவர்களின் கண்ணில் இவை நீண்டு மெலிந்து, நெருங்கி நிற்கும். குட்டையான செல், தன் மீது விழும் ஒளியில் கொஞ்சத்தைத்தான் பிடிக்கிறது. செல்களுக்கு இடையே இடைவெளி இருப்பதால் நுணுக்கமும் கிடைப்பதில்லை.

கண்ணிலிருந்து வரும் சிக்னலைப் பிரித்தறியும் மூளைப் பகுதியும் அப்போதுதான் வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறது. சிவப்பு, பச்சை வித்தியாசத்தைச் சொல்லும் பாதை முதலில் வேலைக்கு வருகிறது. நீலம், மஞ்சள் வித்தியாசத்தைச் சொல்லும் பாதை சில வாரங்கள் பின்னால் வருகிறது.

வீட்டில் பெரும்பாலும் கவனிக்காமல் விடப்படும் விஷயம் வெளிச்ச வித்தியாசம். இரண்டு பரப்புகளுக்கு இடையே நூற்றில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே பெரியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு மாதக் குழந்தைக்கு ஏறத்தாழ நூற்றில் பத்து முதல் இருபது பங்கு வித்தியாசமாவது வேண்டும். சந்தன நிறத் துணியில் வெளிர் பச்சை யானை நமக்கு அழகாகத் தெரிவதும், குழந்தைக்குத் தெரியாமல் போவதும் இதனால்தான்.

மாதக் கணக்கில் பார்த்தால்...

பிறப்பு முதல் 2 மாதம் வரை: கறுப்பு வெள்ளையில் பெரிய வடிவங்கள், அடர் சிவப்பு, அம்மா, அப்பாவின் முகம். முகத்தில்கூடத் தலைமுடிக்கும் நெற்றிக்கும் இடையே உள்ள எல்லைதான் குழந்தையை முதலில் ஈர்க்கும். 2 மாதம் நெருங்கும்போதுதான் கண்ணுக்குக் கண் பார்க்கத் தொடங்கும்.

2 முதல் 3 மாதம் வரை: சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கும். அசையும் பொருளைக் கண்ணால் சீராகப் பின்தொடரும். நீலமும் மஞ்சளும் இன்னும் தடுமாற்றம்தான்.

4 மாதத்தை ஒட்டி: நீலம், மஞ்சள் வித்தியாசமும் பிடிபட்டுவிடும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 4 முதல் 6 மாதக் குழந்தைகள் நிறங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று ஐந்து கூட்டங்களாகப் பிரித்து உணர்வது தெரிந்தது. நிறத்தின் பெயர் தெரிவதற்கு வெகு முன்பே இது நடக்கிறது.

அதன் பிறகும் வெளிர் நிறங்களை உணரும் திறன் கூடிக்கொண்டேதான் போகும். மழலைப் பருவம் முழுக்க அந்த வளர்ச்சி தொடரும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து போடக் கூடாது. டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை, நாலு மாதத்தில் இரண்டு மாதக் குழந்தையைப் போலப் பார்ப்பது இயல்பு.

அந்த யானை மேட்டில் என்ன தப்பு?

மாப்பிள்ளை வாங்கி வந்த விரிப்புக்கே திரும்புவோம். அதில் உள்ள யானை ஒவ்வொன்றும் இரண்டரை சென்டிமீட்டர். குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கும் குழந்தைக்கு அது 15, 20 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும். அந்தத் தூரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் என்பது 40 நாள் குழந்தைக்கும் போதுமான அளவுதான். அளவில் குறை இல்லை.

குறை இரண்டு இடங்களில். துணியும் யானையும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம். யானையைத் துணியிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய வித்தியாசம் இல்லை. யானையைச் சுற்றி அடர் பச்சையில் ஓரக்கோடு இருக்கிறதே என்றால், அது 1 மில்லிமீட்டர் அகலம். அந்தத் தூரத்தில் அவ்வளவு மெல்லிய கோடு குழந்தைக்குத் தெரியாது. பெரிய பகுதியில் வித்தியாசம் இல்லை, வித்தியாசம் உள்ள இடம் மெல்லியது. அதனால் மொத்த விரிப்பும் ஒரே நிறப் போர்வை போலத்தான் தெரிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. முதல் மூன்று மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மல்லாந்துதான் படுத்திருக்கும். விரிப்பின் படம் முதுகுக்குக் கீழே! குப்புறப் போடும் சில நிமிடங்கள்தான் அதைப் பார்க்கும். எனவே இந்த வயதில் விரிப்பின் டிசைனுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. பக்கவாட்டில் என்ன இருக்கிறது என்பதில்தான் கவனம் வேண்டும்.

சரி, கடையில் நின்றுகொண்டு இதையெல்லாம் எப்படிக் கணக்குப் போடுவது? மொபைல் போதும். பொம்மையையோ விரிப்பையோ 30 சென்டிமீட்டர், அதாவது ஒரு ஸ்கேல் தூரத்தில் இருந்து போட்டோ எடுக்க வேண்டும். ஜூம் செய்யக் கூடாது. அதைக் கறுப்பு வெள்ளை ஃபில்டரில் மாற்றிச் சேமிக்க வேண்டும். பிறகு கேலரியில் எல்லாப் படங்களும் கட்டைவிரல் நகம் அளவில் தெரியும் பக்கத்துக்குப் போய், போனைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் குட்டிப் படத்தில் வடிவம் பளிச்சென்று தெரிந்தால், ஒரு மாதக் குழந்தைக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம். லேசாகத்தான் தெரிகிறது என்றால், தெரியவில்லை என்றே கணக்கில் வைக்கலாம். ஏனென்றால் லேசான வித்தியாசத்தையும் கண்டுபிடிக்கும் திறன் நம் கண்ணுக்கு உண்டு, குழந்தைக்கு இல்லை. இந்தச் சோதனை தோராயமானதுதான். பெரிய அடர் சிவப்புப் பகுதிக்கு மட்டும் விலக்கு. அது கறுப்பு வெள்ளைப் படத்தில் மங்கினாலும் குழந்தைக்குத் தெரிய வாய்ப்பு உண்டு. 4 மாதம் தாண்டிய பிறகு இந்தச் சோதனையே தேவையில்லை.

தொட்டில் பொம்மையை எங்கே கட்டுவது?

நம் வீடுகளில் தொட்டிலுக்கு நேர் மேலே பொம்மை கட்டுவது வழக்கம். ஆனால் முதல் இரண்டு மூன்று மாதங்களில் குழந்தை தலையை நேராக வைத்திருப்பதில்லை. ஏதாவது ஒரு பக்கம் திருப்பித்தான் படுத்திருக்கும். நேர் மேலே இருப்பது அதன் பார்வையில் படுவதே குறைவு. குழந்தை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம், முகத்திலிருந்து 20, 30 சென்டிமீட்டர் தள்ளி ஒரு படத்தையோ பொம்மையையோ வைத்தால் பார்க்கும். ஒவ்வொரு நாளும் பக்கத்தை மாற்றி வைத்தால், தலையை இரண்டு பக்கமும் திருப்பும் பழக்கமும் வரும்.

சேலையில் கட்டும் தூளியில் படுத்திருக்கும் குழந்தைக்கு இரண்டு பக்கமும் துணிதான் தெரியும். அதன் மேலே கட்டிய பொம்மை வேடிக்கை பார்க்கும் பெரியவர்களுக்குத்தான். தூளி தூங்குவதற்கு. பார்த்து விளையாடும் நேரம், குழந்தை விழித்துப் பசியாறி அமைதியாக இருக்கும் அந்தச் சில நிமிடங்கள். அது தரையில், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது.

சுற்றும் பொம்மை வாங்குபவர்கள் ஒருமுறை குனிந்து, கீழிருந்து மேலே பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நிற்கும் நமக்கு அழகான பறவையாகத் தெரிவது, கீழே படுத்திருக்கும் குழந்தைக்கு வெறும் வட்டமாகத் தெரியலாம். படம் கீழ்நோக்கி இருக்கும் பொம்மையே குழந்தைக்கானது.

ஒரே நேரத்தில் ஒரு பொருள் போதும். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, கொட்டாவி விட்டாலோ, சிணுங்கினாலோ "போதும்" என்கிறது. மறுபடி மறுபடி முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்ட வேண்டியதில்லை.

உண்மையில் இதற்கெல்லாம் கடைக்கே போக வேண்டும் என்றும் இல்லை. வெள்ளை அட்டையில் கறுப்பு மார்க்கரால் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் நாலைந்து கோடுகள், இன்னொன்றில் ஒரு பெரிய வட்டத்துக்குள் வட்டம், மூன்றாவதில் உள்ளங்கை அளவு அடர் சிவப்பு வட்டம். முதல் இரண்டு மாதத்துக்கு இந்த மூன்று அட்டைகள் தாராளம். இந்த அட்டைகள் மூளையை வேகமாக வளர்க்கும் என்று சிலர் விற்கிறார்கள். குழந்தையால் பார்க்க முடிகிற ஒன்றைக் காட்டுகின்றன என்பதைத் தாண்டி அவற்றுக்குத் தனி மகிமை எதுவும் இல்லை.

நிறத்தைவிட முக்கியமானது எது?

நிறம் தப்பாகப் போனால் குழந்தை அந்தப் பொம்மையைப் பார்க்காது, அவ்வளவுதான். கீழே சொல்லும் விஷயங்கள் தப்பினால் விளைவு வேறு.

முதலில் ப்ளே மேட். அது விழித்திருக்கும் நேரத்துக்கானது, தூங்குவதற்கு அல்ல. கையால் அழுத்தினால் உள்ளே புதைந்துபோகும் தடித்த மெத்தை போன்றவை வேண்டாம். குப்புறப் போட்ட குழந்தையின் மூக்கு அதில் புதைந்தால், தலையைத் திருப்பி மீளும் வலு அதன் கழுத்துக்கு இன்னும் வரவில்லை. கெட்டியான, மெல்லிய, தரையில் வழுக்காத விரிப்பே சரி. குப்புறப் போடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்படியே தூங்கிவிட்டால் மல்லாத்திப் படுக்க வைக்க வேண்டும்.

எழுத்து, எண்களைத் தனியாகப் பிரித்து மாட்டும் ஃபோம் விரிப்புகள் தவழும் வயதில் சிக்கல். பல் முளைக்கும் குழந்தை ஃபோமைக் கடித்துத் துண்டாக்கிவிடும். பிரித்ததும் கடுமையான வாடை வந்தால், காற்றோட்டமான இடத்தில் பல நாள் விரித்துப் போட வேண்டும். அதற்குப் பிறகும் வாடை போகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது பொம்மை. 4 மாதத்தில் கையில் கிடைத்தது எல்லாம் வாய்க்குத்தான் போகும். டாய்லெட் பேப்பர் ரோலின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் அளவுக்கு ஒரு பொருளோ, அதிலிருந்து கழன்று வரும் பகுதியோ சிறியதாக இருந்தால் அது இந்த வயதுக்கு ஆகாது. கிலுகிலுப்பையின் மூட்டுகளை இழுத்துப் பார்க்க வேண்டும். ஒட்டிய பொத்தான் கண், மணி, ஜிகினா வேண்டாம். வெளிச்சம் வரும் பொம்மையில் பட்டன் பேட்டரி இருந்தால், அதன் மூடி ஸ்க்ரூ போட்டு மூடியிருக்க வேண்டும். பட்டன் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தொங்கும் பொம்மை குழந்தையின் கைக்கு எட்டாத வரைதான் பாதுகாப்பு. கை ஊன்றி எழ முயலும்போதோ, 5 மாதம் ஆனதுமோ கழற்றிவிட வேண்டும். நீளமான கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்குக் கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். BIS Care செயலியில் அந்த எண்ணைப் போட்டு, எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது என்று பார்க்கலாம். பதிவு பெற்ற கைவினைக் கலைஞர்களின் பொம்மைகளுக்கு இதிலிருந்து விலக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட மரப் பொம்மை வாங்கும்போது ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. திருவிழாக் கடையில் முத்திரை இல்லாமல் விற்கும் பளபள பிளாஸ்டிக்கை இந்த வயதுக் குழந்தையின் கையில் கொடுக்காமல் இருப்பதே மேல்.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

பொம்மையைப் பார்க்கவில்லை என்றால் முதலில் பொம்மையைச் சந்தேகிக்கலாம். ஆனால் சில அறிகுறிகள் பொம்மை சம்பந்தப்பட்டவை அல்ல.

3 மாதம் முடிந்தும் அம்மாவின் முகத்தை நிலையாகப் பார்க்கவில்லை, மெதுவாக நகர்த்தும் பொருளைக் கண் பின்தொடரவில்லை என்றால் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் சில வாரங்களில் கண் அவ்வப்போது ஒன்றரையாகப் போவது இயல்பு. 4 மாதத்துக்குப் பிறகும் அப்படி இருந்தாலோ, எந்த வயதிலும் ஒரே கண் எப்போதும் விலகியே இருந்தாலோ காட்ட வேண்டும். கருவிழிகள் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தாலும் அப்படித்தான்.

ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் கண்ணின் நடுவே சிவப்புக்குப் பதில் வெள்ளையாகத் தெரிந்தால் தள்ளிப்போடவே கூடாது. பிறவிக் கண்புரையாக இருக்கலாம். அரிதாக, விழித்திரையில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். கோணம் மாறி எடுத்த போட்டோவில் சும்மாவும் அப்படித் தெரிவதுண்டு. எது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். பிறவிக் கண்புரையை முதல் சில வாரங்களிலேயே கண்டுபிடித்து அறுவை சிகிச்சை செய்தால்தான் பார்வை நன்றாக வளரும். கண் வழக்கத்தைவிடப் பெரிதாக, எப்போதும் நீர் வடிந்து, வெளிச்சத்தைக் கண்டால் இறுக மூடிக்கொள்ளும் குழந்தைக்குக் கண் அழுத்தம் இருக்கலாம். அதையும் உடனே காட்ட வேண்டும்.

குறைமாதக் குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு. 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்தவர்களுக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கும் முன் பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். இவர்களுக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வை முழுக்கப் போகும் ஆபத்து உண்டு. வெளியே இருந்து பார்த்தால் கண் சாதாரணமாகவே இருக்கும். எந்தப் பொம்மையைக் காட்டியும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. டிஸ்சார்ஜ் சீட்டில் இந்தப் பரிசோதனைக்குத் தேதி போடவில்லை என்றால் கேட்டு வாங்குவது பெற்றோரின் பொறுப்பு.

கண் பெரிதாகும் என்று இமைக்குள் மை தீட்டுவதும், சுத்தமாகும் என்று தாய்ப்பாலையோ எண்ணெயையோ கண்ணில் விடுவதும் வேண்டாம். கண்ணில் தொற்று வரவே அது வழிவகுக்கும். மையால் கண் பெரிதாவதில்லை.

மீண்டும் அந்த ஹாலுக்கு...

யானை மேட்டைத் திருப்பி அனுப்ப வேண்டுமா? தேவையில்லை. துணி கெட்டியாக, வழுக்காமல், வாடை இல்லாமல் இருந்தால் அது நல்ல விரிப்புதான். அழுத்தமான நிறங்களும் பெரிய படங்களும் இருந்திருந்தால் குப்புறப் போடும் நேரத்தில் கூடுதல் பயன் இருந்திருக்கும். இப்போதைக்கு அதன் ஓரத்தில், குழந்தை திரும்பியிருக்கும் பக்கம் ஒரு கோடு போட்ட அட்டையைச் சாய்த்து வைத்தால் போதும்.

பாட்டி தன் சிவப்புக் கட்டம் போட்ட துண்டை எடுத்து ஒரு ஸ்கேல் தூரத்தில் மெதுவாக நகர்த்திப் பார்க்கலாம். குழந்தையின் கண் முதலில் அதில் நிற்கும். பிறகு கொஞ்சம் தாமதமாக, விட்டு விட்டு, கூடவே நகரும். 40 நாளில் அவ்வளவுதான் முடியும். நாலு மாதம் ஆகும்போது வெளிர் பச்சை யானையும் பிடிபடத் தொடங்கியிருக்கும். ஆனால் அதைப் பார்ப்பதைவிட, பிடித்து வாயில் வைக்கத்தான் பார்க்கும்.